வீல் நட்டைக் கழற்றி அதன் அடியைப் பாருங்கள்: கூம்பு, குண்டு, தட்டை

போன சாரல் சீசனில் மச்சானின் ஹோண்டா சிட்டியில் பாளையங்கோட்டையிலிருந்து குற்றாலம் போனோம். வெளிக்கடையில் வாங்கிய புது அலாய் வீல் மாட்டி நான்கு நாள்தான் ஆகியிருந்தது. ஆலங்குளம் தாண்டி ஒரு வேகத்தடையில் ஏறும்போது முன் இடது பக்கம் 'டக், டக்' என்று சத்தம். வேகம் எடுத்தால் சத்தம் அடங்கி ஸ்டியரிங் லேசாக நடுங்கியது. "ரோடு சரியில்ல மாப்ள" என்றான் மச்சான். பாவூர்சத்திரத்தில் ஓரம்கட்டிப் பார்த்தால், நான்கு நட்டில் இரண்டு விரலாலேயே சுழன்றன. இறுக்கிக்கொண்டு போனோம். மறுநாள் வீடு வந்து பார்த்தபோது அதே இரண்டும் மறுபடி இளகியிருந்தன.

இறுக்கிய நட்டு திரும்பவும் இளகினால், ஸ்பேனரை விட்டுவிட்டு நட்டின் அடியைத்தான் பார்க்க வேண்டும்.

முதல் வேலை, கைபிரேக் போட்டு ஜாக்கி வைத்து ஒரு நட்டைக் கழற்றுங்கள். வீலில் உட்காரும் முகம் மூன்றில் ஒன்றாக இருக்கும். பம்பரம்போல நேர்க்கோட்டில் சரிந்திருந்தால் கூம்பு. பெரும்பாலும் 60 டிகிரி. கோலிக்குண்டைப் பாதியாக வெட்டியதுபோல வளைந்திருந்தால் குண்டு. அடியில் வாஷரோடு சமமாக இருந்தால் தட்டை. டொயோட்டாவின் பல பழைய கம்பெனி அலாய்களில் இந்த வகை, வாஷருக்குக் கீழே ஒரு குழல் நீண்டு வீலின் துளைக்குள் போகும். வளைவு கண்ணுக்குப் பிடிபடவில்லையா? இரும்பு ஸ்கேலின் விளிம்பைச் சரிவின்மேல் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். இடைவெளி இல்லாமல் ஒட்டினால் கூம்பு.

மச்சான் வண்டியில் இருந்தது ஹோண்டாவின் சொந்த நட்டு, குண்டு வகை. வெளிக்கடை அலாய்களின் துளையோ பொதுவாகக் கூம்புக்கே கடைந்தது. மரை இரண்டு வகை நட்டுக்கும் ஒன்றுதான், 12×1.5, அதாவது 12 மில்லிமீட்டர் கனம், 1.5 மில்லிமீட்டர் மரை இடைவெளி. அதனால் பழைய நட்டு தடையில்லாமல் ஏறும், இறுகியதுபோலவும் தெரியும். ஏமாறும் இடம் அதுதான்.

அடுத்து, பொருந்துகிறதா என்று சோதிக்கலாம். நட்டின் முகம் முழுக்க மார்க்கர் பேனாவால் கறுப்படித்து, கையால் மாட்டி, ஸ்பேனரால் லேசாக இறுக்கிக் கழற்றுங்கள். சரியான நட்டு என்றால் அகலமான பட்டையாக மை உரசியிருக்கும். எங்களுக்கு நூல் கனத்தில் ஒரே ஒரு வளையம் தெரிந்தது.

அந்த நூல் வளையத்தின்மேல்தான் மொத்த அழுத்தமும். நட்டை இறுக்கும்போது அது ஏறும் போல்ட்டான ஸ்டட் ரப்பர்போல இழுபட்டு, வீலை அது உட்காரும் ஹப்போடு சேர்த்து அழுத்துகிறது. ஆனால் அந்த இழுவை ஒரு நோட்டுத் தாளின் கனம்கூட இருக்காது. மெல்லிய வளையத்தில் அழுத்தம் குவிந்தால் அலுமினியம் நசுங்கி நட்டு கொஞ்சம் உள்ளே அமுங்கும். அந்தக் கொஞ்சத்திலேயே இழுவையில் பெரும்பகுதி போய்விடும். அப்புறம் வீல் ஹப்பின்மேல் நூலளவு வழுக்கும். ஒவ்வொரு வழுக்கலிலும் மரை ஒரு துளி பின்னுக்குச் சுழலும். அழுத்திப் பிடிக்கும் விசையால் உண்டாகும் உராய்வுதான் வண்டியைத் தாங்குகிறது. அது போன பிறகு ஸ்டட் வளைந்து வளைந்து ஒடியவும் செய்யும்.

ஆகவே புது நட்டு வாங்குவதற்கு முன் துளையைத் துடைத்துப் பாருங்கள். நட்டைச் சுற்றிக் கறுப்புத் தூள் இருந்தாலோ, துளை நீள்வட்டமாகியிருந்தாலோ, விரல்நகம் தட்டும் அளவுக்குப் படி விழுந்திருந்தாலோ அந்த வீல் வேண்டாம். எங்களுக்கு முன் இடது வீல் போனது போனதுதான். ஸ்டட்டுகளையும் மாற்றினோம்.

கடையில் "ஹோண்டா நட்டு" என்று கேட்டால் குண்டுதான் வரும். "12×1.5, 60 டிகிரி கூம்பு" என்று கேளுங்கள். கையால் மாட்டும்போது ஏழெட்டுச் சுற்றாவது போக வேண்டும். அதற்குள் முட்டினால் அந்த நட்டு வேண்டாம்.

மாட்டும்போது ஹப்பின் துருவைத் தேய்த்தெடுங்கள். மரையில் எண்ணெய் தடவாதீர்கள். தடவினால் அதே டார்க்கில், அதாவது அதே முறுக்கு விசையில், ஸ்டட் அளவுக்குமேல் இழுபடும். சக்கரம் தரையில் படுவதற்கு முன் எதிரெதிராகக் கையால் இறுக்கி, இறக்கியபின் டார்க் ரெஞ்சில் முடியுங்கள். சிட்டிக்கு 108 நியூட்டன் மீட்டர். மற்ற வண்டிகளுக்கு அதனதன் கையேட்டில் இருக்கும். காற்றுத் துப்பாக்கியால் 'டர்ர்' என்று முடித்துவிட்டு "சரியாயிட்டு அண்ணாச்சி" என்பார்கள், கேட்காதீர்கள். 100 கிலோமீட்டர் ஓடியதும், வீல் ஆறிய பிறகு இன்னொரு முறை ரெஞ்ச் வைத்துப் பாருங்கள்.

பழைய நட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். டிக்கியில் இருக்கும் இரும்பு ஸ்டெப்னி கம்பெனியுடையது, அதன் துளை இன்னமும் குண்டுக்குத்தான். மச்சான் நான்கு பழைய நட்டை ஒரு மஞ்சள் பையில் கட்டி ஸ்டெப்னியின் நடுக்குழியில் போட்டு வைத்திருக்கிறான்.