கல் ஒட்டிய சுவரில் கண்ணுக்குத் தெரியாத தவறுகள்

வெளிச்சுவரில் ஒட்டிய கல்லை ஒரு சாவியால் தட்டிப் பாருங்கள். 'டக்' என்று இறுகிய ஓசை வந்தால் பின்னால் பசை முழுவதும் பிடித்திருக்கிறது. 'டொக்' என்று பொள்ளலாகக் கேட்டால் அங்கே வெற்றிடம் இருக்கிறது. ஓர் அறைக்குள் அந்த வெற்றிடம் பல ஆண்டுகள் தொல்லை தராமல் இருந்துவிடலாம். வெளிச்சுவரில் அப்படி விடாது. மழைநீர் இணைப்புகள் வழியாக அதற்குள் இறங்கித் தங்கும். சிமெண்டில் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியே வந்து, கல்லின் மேல் வெள்ளையாகப் பூக்கும். வெயிலும் குளிரும் மாறி மாறி அடிக்க, நாலைந்து புள்ளிகளில் மட்டும் ஒட்டியிருக்கும் கல் மெல்ல விடுபட்டு ஒருநாள் கீழே விழும்.

இந்த வெற்றிடம் வருவதற்குக் காரணம் கல்லின் முதுகில் நான்கு மூலையிலும் நடுவிலும் பசையை உருண்டை உருண்டையாக வைத்து அழுத்துவதுதான். வேலை வேகமாக முடியும், சுவரின் மேடுபள்ளமும் மறைந்துவிடும் என்பதால் பலர் இப்படிச் செய்கிறார்கள். ஆனால் என் அனுபவத்தில், பெரும்பாலும் இந்தத் தவறு கணக்குப் போடும்போதே தொடங்கிவிடுகிறது.

20 அடி நீளம், 10 அடி உயரச் சுவர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பரப்பு 200 சதுர அடி. அதில் 5 அடிக்கு 4 அடி ஜன்னல் ஒன்று இருந்தால் 20 போய் 180. இதோடு கணக்கை முடித்துவிடுகிறார்கள். ஜன்னலைச் சுற்றி உள்ளே திரும்பும் பக்கங்களை மறந்துவிடுகிறார்கள். ஆறு அங்குல ஆழத்துக்கு 18 அடி சுற்றளவு என்றால் அதுவே 9 சதுர அடி. ஆக 189. வெட்டுவதிலும் உடைவதிலும் போகும் சேதாரம் பத்து சதவீதம் சேர்த்தால் சுமார் 208. ஜன்னலைக் கழிக்காத மொத்தப் பரப்பைவிடவே அதிகம்! ஒழுங்கற்ற வடிவக் கற்கள் என்றால் சேதாரத்தைப் பதினைந்தாகவே வையுங்கள். குறைந்தால் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். அடுத்த முறை வரும் கல் வேறு நிறத்தில் இருக்கும். வந்த கற்களையும் ஒரே பெட்டியிலிருந்து எடுக்காமல், மூன்று நான்கு பெட்டிகளைக் கலந்து ஒட்டினால்தான் சுவர் திட்டுத்திட்டாகத் தெரியாது.

பசைக்கும் இதே கதிதான். ஒரு சதுர அடிக்கு ஒரு மில்லிமீட்டர் தடிப்புக்குச் சுமார் 140 கிராம் பசை வேண்டும். கல்லின் முதுகு கரடுமுரடாக இருப்பதால் சுவரிலும் கல்லிலும் தடவினால் தடிப்பு ஆறு மில்லிமீட்டர் வரை போகும். 189 சதுர அடிக்கு 160 கிலோ, அதாவது 20 கிலோ மூட்டை எட்டு. மூன்று மில்லிமீட்டர் என்று கணக்கிட்டு நான்கு மூட்டை வாங்கியவருக்குப் பாதிச் சுவரில் பசை தீரும். மீதிப் பாதியில் உருண்டை வைப்பது தொடங்கும்.

சரியான முறை இதுதான்: விளிம்பில் பல் வெட்டிய கரண்டியால் சுவரில் ஒரே திசையில் கோடு கோடாகப் பரப்பி, கல்லின் முதுகிலும் மெல்லிய பூச்சு கொடுத்து, வைத்ததும் கோடுகளுக்குக் குறுக்கே அசைத்து அழுத்த வேண்டும். அசைக்கும்போது கோடுகள் சரிந்து காற்று வெளியேறும். பசையின் மேல் ஆடை படிந்துவிட்டால் ஒட்டாது. விரலால் தொட்டுப் பாருங்கள், விரலில் பசை வராவிட்டால் சுரண்டி எறிந்துவிட்டுப் புதிதாகப் பூசுங்கள். வேலையின் நடுவே, ஒட்டிய ஒரு கல்லைப் பெயர்த்து முதுகு முழுக்கப் பசை படிந்திருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. சுவரில் பெயிண்டோ பட்டியோ இருந்தால் முதலில் சுரண்டி எடுத்தாக வேண்டும். இல்லையென்றால் கல் பெயிண்டில்தான் ஒட்டியிருக்கும், சுவரில் இல்லை.

செங்கல் பட்டை ஒட்டிய சுவரில் தவறு பெரும்பாலும் பாயிண்டிங்கில், அதாவது பட்டைகளுக்கு இடையிலான இணைப்புகளைக் கலவையால் நிரப்புவதில் நடக்கிறது. உறுதியாக இருக்கட்டும் என்று சிமெண்டை அதிகமாகச் சேர்ப்பார்கள். செங்கல்லைவிடக் கலவை இறுகிவிட்டால் ஈரம் இணைப்பு வழியே வெளியேற முடியாமல் செங்கல் வழியே போகும், அதன் முகப்பு பொரிந்து உதிரும். கலவை ஈரமாக இருக்கும்போதே துணியால் துடைப்பது இன்னொரு தவறு. நுண்துளைகளுக்குள் சிமெண்ட் பால் இறங்கி, நிரந்தரமான சாம்பல் படலமாகிவிடும். கலவை சற்று இறுகட்டும், பிறகு கம்பியால் இழைத்துவிட்டு உலர்ந்த தூரிகையால் தட்டிவிட்டால் போதும். இணைப்பை ஆழமாகக் குடைந்து விடுவது பார்க்க அழகுதான், ஆனால் ஒவ்வொரு செங்கல்லின் மேல் விளிம்பும் தண்ணீர் நிற்கும் திண்ணையாகிவிடுகிறது. உள்வளைவாக, லேசாக மட்டும் இழைத்தால் மழைநீர் வழிந்தோடும்.

20 மில்லிமீட்டர் கிரானைட் சதுர அடிக்கு ஏறத்தாழ ஐந்து கிலோ எடை கொண்டது. ஆள் உயரத்துக்கு மேலே பெரிய பலகைகளைப் பசையை மட்டும் நம்பி ஏற்றாதீர்கள். துருப்பிடிக்காத எஃகுக் கொக்கிகளால் ஒவ்வொரு பலகையையும் சுவரோடு பிணைக்கச் சொல்லுங்கள்.