சாம்பார்ப் பொடியை உங்கள் பெயரில் தயாரித்துத் தரச் சொல்வது எப்படி: ஆலையுடன் பேச வேண்டிய மூன்று விஷயங்கள்

சொந்தமாக ஆலை இல்லாமல், வேறொருவருடைய ஆலையில் பொடியை அரைத்து, நம் பெயரிட்ட பையில் அடைத்து விற்பதைத்தான் பிரைவேட் லேபிள் என்கிறோம். ஆலைக்காரர்கள் பெரும்பாலும் இதை ‘தேர்டு பார்ட்டி’ என்றோ ‘ஜாப் ஒர்க்’ என்றோ சொல்வார்கள். பொருளை ஆலையே வாங்கி அரைப்பது ஒன்று, நாம் வாங்கிக் கொடுக்கும் மல்லியையும் மிளகாயையும் கூலிக்கு அரைத்துக் கொடுப்பது மற்றொன்று. இந்தக் கட்டுரை முதல் வகையைப் பற்றியது. 200 கிராம் சாம்பார்ப் பொடி, நிற்கும் பை (ஸ்டாண்டிங் பவுச்), ஈரோட்டுப் பக்கத்து நடுத்தர மசாலா ஆலை ஒன்று என எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொள்வோம்.

முதல் படி: குறைந்தபட்ச அளவைப் பிரித்துக் கேளுங்கள்

“மினிமம் எவ்வளவுங்க?” என்று கேட்டால், “ஒரு டன் எடுத்தா பண்ணலாங்க” என்று ஒரே எண்ணாகப் பதில் வரும். அந்த எண்ணுக்குள் வெவ்வேறு காரணங்களால் உருவான அளவுகள் கலந்திருக்கின்றன என்பதால், அதை அப்படியே ஏற்பதும் வீண், பேரம் பேசிக் குறைக்கப் பார்ப்பதும் வீண். பொடிக்குக் குறைந்தபட்சம் எவ்வளவு, பைக்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

பொடியின் அளவை வறுக்கும் டிரம்மும் அரவை இயந்திரமும் தீர்மானிக்கின்றன. டிரம்மைப் பாதியளவு நிரப்பி வறுத்தால் மல்லி சீராக வறுபடாது. அதோடு, முந்தைய ஓட்டம் மிளகாய்த் தூளாக இருந்தால் இயந்திரத்தில் ஒட்டியிருப்பது நம் பொடியில் கலக்காமலிருக்க, முதலில் வரும் சில கிலோவை ஒதுக்கிவிட வேண்டும். ஓட்டம் சிறியதாக இருந்தால் அந்த இழப்பு ஒவ்வொரு பையின் விலையிலும் ஏறும். ஆகவே, ஒரு பேட்ச் 100 கிலோ என்று ஆலை சொன்னால் அது நியாயமான அளவே. அது 500 பைகளுக்குரிய பொடி, புதிதாகத் தொடங்குபவர் தாங்கக்கூடியது.

சிக்கல் பையில்தான் இருக்கிறது. கடைகளில் காணும் பளபளப்பான அச்சுப் பை, கிராவ்யூர் முறையில் நீண்ட பிலிம் சுருளில் அச்சிடப்படுவது. ஒரு நிறத்துக்கு ஒரு அச்சு உருளை வீதம் ஆறு நிறங்களுக்கு ஆறு சிலிண்டர்கள் செதுக்க வேண்டும், அதற்கான செலவு நம்முடையது. அச்சகம் தன் குறைந்தபட்ச அளவைப் பைகளின் எண்ணிக்கையாகச் சொல்லாமல் பிலிமின் எடையாகச் சொல்லும். 14 சென்டிமீட்டர் அகலமும் 22 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட, மூன்றடுக்கு பிலிமாலான நிற்கும் பை ஏறத்தாழ 7 கிராம் எடை இருக்கும் என்பதால், ஒரு கிலோ பிலிமுக்கு 140 பைகள் வரை கிடைக்கும். அச்சகம் குறைந்தது 100 கிலோ பிலிம் என்றால் அது 14,000 பைகள். அவற்றை நிரப்ப 2,800 கிலோ பொடி வேண்டும். 100 கிலோ பொடி விற்குமா என்று யோசிப்பவருக்கு இது 28 பேட்ச்.

ஆலை சொன்ன ‘ஒரு டன்’ பெரும்பாலும் இந்தப் பிலிம் கணக்கிலிருந்து வருவதால், அச்சுப் பை வேண்டாம் என்ற உடனே அந்த எண் இறங்கிவிடுவதைப் பார்க்கலாம். அச்சில்லாத வெறும் பையை வாங்கி, டிஜிட்டல் முறையில் அச்சிட்ட ஸ்டிக்கரை முன்னும் பின்னும் ஒட்டுவதே முதல் இரண்டு மூன்று ஆர்டர்களுக்குச் சரியான வழி என்பது என் கருத்து. பார்வைக்கு ஒரு படி குறைவுதான், ஒட்டும் கூலியும் சேரும். ஆனால் முகவரி மாறினாலோ லேபிள் விதி மாறினாலோ சில நூறு ஸ்டிக்கர்களோடு நட்டம் முடிந்துவிடும். அச்சுப் பையாக இருந்தால் மிச்சமுள்ள பத்தாயிரம் பைகளும் பழைய காகிதக்காரருக்குக் கூடப் பயன்படாது.

அச்சுப் பைக்கு மாறும்போது இன்னொன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஆலையில் இருப்பாக உள்ள நம் பெயரிட்ட பிலிமுக்கு யார் பணம் கட்டியிருக்கிறார்கள், நாம் ஆர்டரை நிறுத்தினால் அது என்னவாகும் என்பதே அது.

இரண்டாம் படி: வடிவமைப்பு யாருடையது என்பதை முன்பணத்துக்கு முன்பே முடியுங்கள்

“டிசைன் நாங்களே ஃப்ரீயா போட்டுத் தர்றோங்க” என்று ஆலை சொல்லும்போது தலையாட்டிவிடுவது எளிது. ஆனால் பதிப்புரிமைச் சட்டம், 1957, படத்தை வரைந்தவரையே முதல் உரிமையாளராகக் கருதுகிறது. அவர் ஆலையின் ஊழியராக இருந்து வேலையின் பகுதியாக வரைந்திருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, உரிமை ஆலைக்குச் சேரும். வெளியிலிருக்கும் வடிவமைப்பாளரிடம் நாம் பணம் கொடுத்து வரைந்து வாங்கினாலும், பணம் கொடுத்ததால் மட்டுமே லோகோவின் உரிமை நமக்கு வந்துவிட்டதென எண்ண முடியாது. உரிமை மாற்றம் எழுத்தில், உரிமையாளரின் கையெழுத்தோடு இருக்க வேண்டும். அந்தத் தாளில் காலம் குறிப்பிடப்படாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், இடம் குறிப்பிடப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்கிறது. ஆகவே ‘பதிப்புரிமை நீடிக்கும் முழுக் காலத்துக்கும், உலகம் முழுவதற்கும்’ என்ற சொற்கள் அதில் இருந்தாக வேண்டும். சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ அனுப்பும் எண்ணம் இருப்பவருக்கு இது வெறும் சம்பிரதாயம் அன்று.

பெயர் வேறு, படம் வேறு. பெயருக்கு வணிகச் சின்னப் பதிவு தேவை. மசாலாப் பொடிகள் 30-ஆம் வகுப்பில் வருகின்றன, தனிநபரும் சிறு நிறுவனமும் இணையத்தில் விண்ணப்பிக்க ஒரு வகுப்புக்கு அரசுக் கட்டணம் 4,500 ரூபாய். பெயரை ஆலையிடம் சொல்வதற்கு முன்பே விண்ணப்பித்துவிடுவது நல்லது. பார்கோடு எண்ணையும் நம் நிறுவனத்தின் பெயரிலேயே வாங்க வேண்டும். ஆலை தன் எண்களில் ஒன்றை இரவல் கொடுத்தால், ஆலையை மாற்றும் நாளில் எல்லாக் கடைகளின் பில் இயந்திரத்திலும் எண்ணை மாற்றச் சொல்லிக் கேட்டு அலைய நேரும்.

காகிதத்தில் உரிமை இருந்தும் கையில் கோப்பு இல்லையென்றால் பயனில்லை. பிடிஎஃப் மட்டும் கொடுத்துவிட்டு ஓப்பன் ஃபைலைத் தராத வடிவமைப்பாளர்கள் உண்டு. திருத்தக்கூடிய மூலக் கோப்பு, அதில் பயன்படுத்திய படங்கள், எழுத்துருக்கள் ஆகியவற்றைக் கேளுங்கள். தமிழ் எழுத்துகளை வளைவுகளாக, அதாவது கர்வ்ஸாக மாற்றிய படி ஒன்றையும் தனியாக வாங்கி வையுங்கள். பழைய முறைத் தமிழ் எழுத்துருவில் அமைத்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், ‘சாம்பார்ப் பொடி’ இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து நிற்கும். அவசரத்தில் அச்சகத்தார் தாமே தட்டச்சு செய்து சரிசெய்ய முயன்றால், ஒற்றெழுத்தோடு எடைக் குறிப்பும் தொலைந்துபோகலாம்.

சிலிண்டர் அச்சகத்தில்தான் கிடக்கும், அங்கே இருப்பதில் தவறில்லை. பணம் கட்டிய ரசீது யார் பெயரில் என்பதே முக்கியம். ஆலை வழியாகப் பணம் கொடுத்தால் அச்சகம் ஆலையையே உரிமையாளராக அறியும், நாம் யாரென்றே அதற்குத் தெரியாது. ரசீது நம் பெயரில் வரட்டும். அது இயலாதபோது, ‘இந்த சிலிண்டர்கள் இன்னாருடையவை, அவர் எழுத்தில் கேட்டால் ஒப்படைக்கப்படும், அவர் அனுமதியின்றி இவற்றில் அச்சிடக் கூடாது’ என ஆலையும் அச்சகமும் கையெழுத்திட்ட கடிதம் போதுமானது.

மூன்றாம் படி: பையை ஒப்புதல் செய்யும் வரிசை

கைபேசித் திரையில் வந்த படத்துக்குக் கட்டைவிரல் குறி அனுப்புவது ஒப்புதலாகிவிடக் கூடாது. முதலில் கீலைன் என்னும் வெட்டுக்கோட்டு வரைபடத்தை ஆலையிடம் வாங்கி, அதன் மீது வடிவமைப்பை வைத்துப் பார்க்க வேண்டும். எங்கே ஒட்டு (சீல்) வருகிறது, அடிப்பகுதி எங்கே மடிகிறது, கிழிக்கும் வெட்டு எங்கே என்பது அதில்தான் தெரியும். பின்பக்கத்தின் கடைசி வரியாக வைத்த வாடிக்கையாளர் தொலைபேசி எண், பை நிரம்பி நிற்கும்போது அடி மடிப்புக்குள் மறைந்துபோவது அடிக்கடி நடக்கும். சாதாரணத் தாளில் உண்மையான அளவில் அச்செடுத்து, மடித்து ஒட்டி, மேசையில் நிறுத்திப் பார்த்தால் செலவில்லாமல் இது பிடிபடும்.

அடுத்தது லேபிளின் சொற்கள். பிராண்டு உரிமையாளரான நம் பெயர், முழு முகவரி, 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண் ஆகியவற்றோடு தயாரிக்கும் ஆலையின் உரிம எண்ணும் இருக்க வேண்டும். எனவே நமக்கும் தனி உரிமம் தேவை. சேர்மானங்கள் எடையில் அதிகமானதிலிருந்து குறைவானதை நோக்கி வரிசையாக வர வேண்டும். சாம்பார்ப் பொடியில் பலரும் தவறவிடுவது பெருங்காயம். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா சேர்க்கப்பட்டிருப்பதால், கோதுமை இருப்பதை ஒவ்வாமைக் குறிப்பில் சொல்லியாக வேண்டும். ஆலை எந்தப் பெருங்காயத்தைப் போடுகிறது என்பதை அதன் டப்பாவில் உள்ள சேர்மானப் பட்டியலைப் படம்பிடித்து அனுப்பச் சொல்லி உறுதி செய்யுங்கள், வாய்ச்சொல் வேண்டாம். தயாரிப்புத் தேதி, பேட்ச் எண், அதிகபட்ச விலை ஆகியவற்றுக்கு இடம் மட்டும் விட்டு, ஒவ்வொரு ஓட்டத்திலும் இங்க்ஜெட்டில் அடித்துக்கொள்ளலாம். மிளகாய் விலை ஏறும் ஆண்டில் இந்த வெற்றிடத்தின் அருமை புரியும்.

பிறகு நிறம். வெள்ளித் தகடு போன்ற பிலிமில், படத்தின் அடியில் வெள்ளை மை ஓடாவிட்டால் மஞ்சளும் சிவப்பும் மங்கி, உலோகச் சாயலோடு தெரியும். அந்த வெள்ளையும் ஒரு சிலிண்டர்தான் என்பதால், செலவைக் குறைப்பதாகச் சொல்லி முதலில் கழிக்கப்படுவது பெரும்பாலும் அதுவே. சிலிண்டர் செதுக்கிய பின் எடுக்கும் மாதிரி அச்சை நேரில் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஓட்டத்துக்கு ஓட்டம் நிறம் சற்று மாறுவது இயல்பு. ஆகவே வெளிர்ந்தது, சரியானது, அடர்ந்தது என மூன்று துண்டுகளில் கையெழுத்திட்டு, இந்த எல்லைக்குள் வந்தால் ஏற்போம் என்று முடித்துக்கொள்ளலாம்.

கடைசியாக, வெறும் பைக்கு ஒப்புதல் தராதீர்கள், பொடி அடைத்த பைக்கே தாருங்கள். நைஸான பொடி அடைக்கும்போது பறந்து வாயின் உட்பக்கம் ஒட்டிக்கொள்ளும், அதன் மேலேயே சூடு வைத்தால் ஒட்டு முழுதாகப் பிடிக்காது. பார்வைக்கு ஒட்டு நன்றாக இருப்பதுபோலவே தோன்றும். ஒட்டுப் பட்டையில் மெல்லிய மஞ்சள் கோடு தெரிந்தால் அந்தப் பையை வாளித் தண்ணீரில் அமிழ்த்தி அழுத்துங்கள். குமிழி வந்தால் காற்று போகிறது, மணமும் போய்விடும், கட்டியும் தட்டும். இதற்கு மருந்து பையின் பிலிமை மாற்றுவதில் இல்லை. நிரப்பும் குழாயைப் பைக்குள் தாழ்த்துவதும், மேலே இன்னும் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் காலி இடம் விடுவதுமே போதும். காலி இடம் கூடினால் பையின் உயரமும் கூடும், உயரம் கூடினால் கீலைனும் சிலிண்டரின் சுற்றளவும் மாறும். அதனால் சிலிண்டருக்குப் பணம் கட்டுவதற்கு முன், அதே அளவுள்ள வெறும் பைகளில் பத்திருபதை ஆலையின் இயந்திரத்திலேயே நிரப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். எல்லாம் சரியென்றால், அடைத்த பைகள் இரண்டில் தேதியிட்டு இரு தரப்பும் கையெழுத்திட்டு ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த லோடுகளை இறக்கும்போது ஒப்பிடப்போவது அந்தப் பையோடுதான் என்று ஆர்டர் தாளிலும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.