வட்டியை இருமுறை கழிக்கும் தவறு: எஞ்சிய வருமானமும் பொருளாதார மதிப்புக் கூட்டலும்

கணக்கியல் லாபம், கடன் தந்தவருக்கான வட்டியைக் கழித்துவிடும். ஆனால் உரிமையாளர் போட்ட முதலுக்கு எந்தக் கூலியையும் கழிக்காது. அந்தக் கூலியையும் கழித்த பிறகு மிஞ்சுவதே எஞ்சிய வருமானம். இதே எண்ணத்தின் மேல், கணக்கியல் எண்களில் சில திருத்தங்களைச் சேர்த்து, நியூயார்க்கின் ஸ்டெர்ன் ஸ்டூவர்ட் நிறுவனம் பொருளாதார மதிப்புக் கூட்டல் என்ற அளவீட்டைத் தன் வணிகச்சின்னமாகவே பரப்பியது. கருத்து எளிது, கணக்குப் போடும்போதுதான் சறுக்குகிறார்கள்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். எளிமைக்காக எண்களை முழுமையாக்கியிருக்கிறேன். மொத்த முதலீடு 20 கோடி. அதில் 12 கோடி உரிமையாளர் பணம், 8 கோடி 10 சதவீத வட்டிக்கு வாங்கிய வங்கிக் கடன். வட்டிக்கும் வரிக்கும் முந்தைய லாபம் 3.20 கோடி. வட்டி 80 லட்சம் போக 2.40 கோடி, 25 சதவீத வரி போக நிகர லாபம் 1.80 கோடி. இதே அளவு இடர் உள்ள வேறு தொழிலில் 16 சதவீதம் கிடைக்கும் என்பது உரிமையாளரின் எதிர்பார்ப்பு.

கணக்கியல் லாபத்தைப் பார்த்தால் நல்ல ஆண்டு. ஆனால் 12 கோடிக்கு 16 சதவீதம் என்றால் 1.92 கோடி வந்திருக்க வேண்டும். நிகர லாபம் அதைவிட 12 லட்சம் குறைவு. எஞ்சிய வருமானம் கழித்தல் 12 லட்சம்.

இதையே மொத்த முதலீட்டின் பக்கமிருந்தும் போடலாம். வட்டியைக் கழிக்காமல், 3.20 கோடிக்கு வரி மட்டும் போக, இயக்க லாபம் 2.40 கோடி. மூலதனச் செலவின் சராசரி: 60 சதவீதப் பங்குக்கு 16, 40 சதவீதக் கடனுக்கு வரிச்சலுகை போக 7.5, சேர்த்தால் 12.6 சதவீதம். 20 கோடிக்கு அது 2.52 கோடி. மீண்டும் கழித்தல் 12 லட்சமே வருகிறது. புத்தக மதிப்பின்படி எடைகளை எடுத்ததால்தான் இந்த இரண்டும் இவ்வளவு துல்லியமாகப் பொருந்துகின்றன. பங்குச் சந்தை விலையின்படி எடை போட்டால் பொருந்தாது.

தவறு நேர்வது இந்த இரண்டு வழிகளையும் கலக்கும்போது. நிகர லாபமான 1.80 கோடியிலிருந்து 2.52 கோடியைக் கழித்தால் கழித்தல் 72 லட்சம் வருகிறது. வட்டி இருமுறை கழிக்கப்பட்டிருக்கிறது. வித்தியாசமான 60 லட்சம், 80 லட்ச வட்டியில் வரிச்சலுகை போக மிஞ்சுவதேதான். மறுபக்கம், 2.40 கோடியிலிருந்து 1.92 கோடியை மட்டும் கழித்தால் கூட்டல் 48 லட்சம் என்று மகிழ்ச்சியான எண் வரும். அதில் வங்கிக்கான கூலியே விடுபட்டிருக்கிறது. இரண்டு வழியிலும் போட்டு ஒப்பிடுவதே இதற்கான சோதனை. நான் எந்தத் தாளைப் பார்த்தாலும் முதலில் இதைத்தான் செய்வேன்.

அடுத்த தவறு நுட்பமானது, என் பார்வையில் அதிகக் கேடு செய்வதும் அதுதான். அதே நிறுவனம் 400 லட்சத்துக்கு ஒரு இயந்திரம் வாங்குகிறது. ஆயுள் 4 ஆண்டு, ஆண்டுக்கு 100 லட்சம் தேய்மானம், தேய்மானமும் வரியும் போக லாபம் ஒவ்வோர் ஆண்டும் 40 லட்சம். ஆண்டுத் தொடக்கப் புத்தக மதிப்பின் மேல் 12.6 சதவீதம் கழித்தால், முதல் ஆண்டு கழித்தல் 10.4 லட்சம், பிறகு கூட்டல் 2.2, 14.8, 27.4 லட்சம். இயந்திரமும் ஆட்களும் லாபமும் மாறவில்லை. புத்தக மதிப்பு தேய்ந்ததால் மட்டுமே எண் ஏறியிருக்கிறது. இந்த நான்கையும் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து கூட்டினால் சுமார் 20 லட்சம் கூட்டல். ஆக, வாங்க வேண்டிய இயந்திரம்தான். ஆனால் இந்த ஆண்டின் எண்ணை வைத்தே போனஸ் தரப்படும் மேலாளர் அதைத் தள்ளிப்போட்டு, தேய்ந்துபோன பழைய இயந்திரத்தையே ஓட்டுவார். போன ஆண்டோடு ஒப்பிடாமல், வாங்கும்போது போட்ட திட்டத்தில் அந்தந்த ஆண்டுக்கு எழுதிய எண்ணோடு ஒப்பிட்டால் இந்த ஏமாற்றம் நீங்கும்.

கணக்கியல் எண்களில் செய்யும் திருத்தங்கள் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. பல ஆண்டுகளுக்குப் பயன்தரும் ஆராய்ச்சிச் செலவை லாபத்தில் திரும்பச் சேர்ப்பவர்கள், அதே தொகையை முதலீட்டில் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். முதலீட்டில் சேர்த்து, ஆண்டுதோறும் அதில் ஒரு பகுதியைச் செலவாக எழுதி, மீதிக்கு மூலதனக் கூலியும் கழித்தால்தான் திருத்தம் முழுமையாகும். இல்லையெனில் அந்தச் செலவு எந்தக் கணக்கிலும் இல்லாமல் போய்விடும்.