டெல்டா நியூட்ரல் போட்டாச்சுன்னு தூங்கப் போறவங்களுக்கு: காமா விஷயத்துல நடக்கிற தப்புகள்

கால் ஆப்ஷன் வித்துட்டு அதுக்கு ஈடா ஷேர் வாங்கி வச்சா "டெல்டா ஜீரோ, இனி ரிஸ்க் இல்ல"ன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. முதல் தப்பே அதான். டெல்டாங்கிறது ஷேர் 1 ரூபா நகர்ந்தா ஆப்ஷன் விலை எவ்வளவு நகரும்ங்கிறது. டெல்டா ஜீரோங்கிறது அந்த விலைக்கு, அந்த நேரத்துக்கு மட்டும்தான், விலை நகர்ந்தா டெல்டாவும் நகரும், 1 ரூபாய்க்கு டெல்டா எவ்வளவு நகருதுங்கிறதுதான் காமா.

கணக்கா பாப்போம். ஷேர் விலை 1000, ஸ்ட்ரைக்கும் 1000, எக்ஸ்பைரிக்கு 30 நாள், வொலட்டிலிட்டி 20%, வட்டிய விட்ருவோம். பிளாக்-ஷோல்ஸ்ல போட்டா ப்ரீமியம் சுமார் 22.90, டெல்டா 0.511, காமா 0.007. நீங்க 1000 கால் வித்துட்டு 511 ஷேர் வாங்குறீங்க. விலை 1020 ஆச்சுன்னா ஆப்ஷன்ல 11,590 ரூபா போகும், ஷேர்ல 10,220 வரும், நிகர நஷ்டம் கிட்டத்தட்ட 1,370. சரி பரவால்லன்னு சும்மா இருந்து அது 1040 போச்சுன்னா நஷ்டம் 5,300, அதாவது நகர்வு ரெண்டு மடங்கு ஆனா நஷ்டம் நாலு மடங்கு பக்கம் போயிடுது, ஏன்னா காமா நஷ்டம் நகர்வோட வர்க்கத்துல ஏறும். 1020-லயே இன்னும் 135 ஷேர் வாங்கி 646 ஆக்கியிருந்தா மொத்தம் 2,600-ல நின்னிருக்கும். அடிக்கடி ரீபேலன்ஸ் பண்ணுன்னு சொல்றது இதுக்குத்தான்.

இதக் கேட்டுட்டு ரீபேலன்ஸ் பண்ணா நஷ்டமே வராதுன்னு நம்புறது அடுத்த தப்பு. ஆப்ஷன் வித்தவருக்கு ஏறுறப்ப வாங்கணும், இறங்குறப்ப விக்கணும், அதுவே நஷ்டம்தான். 1020-ல வாங்கின 135 ஷேர, விலை திரும்ப 1000 வந்ததும் வித்தா 2,700 காலி, கைய கட்டிட்டு இருந்தவருக்கு ஒன்னும் ஆகியிருக்காது. ஆனா விலை திரும்புமா, 1040 போகுமான்னு முன்னாடியே தெரிஞ்சா ஹெட்ஜே எதுக்கு? வித்தவருக்கு இதுக்கெல்லாம் கிடைக்கிற கூலி தீட்டா, அதாவது நாள் போகப் போக ஆப்ஷன் விலை கரையறது, நம்ம உதாரணத்துல ஒரு நாளைக்கு சுமார் 380 ரூபா. அது ஒரு நாளைக்கு 10.50 ரூபா நகர்வுக்குத்தான் சரியா போகும் (அது 20% வொலட்டிலிட்டியோட ஒரு நாள் பங்குதான்), அதுக்கு மேல தினமும் ஆடினா நீங்க எவ்வளவு நல்லா ஹெட்ஜ் பண்ணாலும் கையவிட்டுத்தான் போகும். வித்த வொலட்டிலிட்டி பெருசா, நிஜமா நடந்தது பெருசாங்கிறதுதான் இங்க லாப நஷ்டம்.

ரொம்ப ஆபத்தான தப்பு என்னன்னா, 30 நாள் இருக்கப்ப வச்ச பழக்கத்தையே கடைசி நாள் வரைக்கும் இழுக்கிறது. தினமும் மார்க்கெட் முடியறப்ப ஒரு தடவ சரி பண்ணா போதும்னு ஆரம்பத்துல ஓட்டலாம், 10 ரூபா நகர்ந்தா 70 ஷேர் மாத்தணும், அவ்வளவுதான். அதே ஸ்ட்ரைக்குக்குப் பக்கத்துலயே விலை நின்னு எக்ஸ்பைரிக்கு 1 நாள்தான் இருக்குன்னு வைங்க, காமா 0.038 ஆயிடும், அஞ்சு மடங்குக்கு மேல. 1010-ல 830 ஷேர் வேணும், 990-ல 170 போதும். மதியம் ரெண்டு தடவ மேல கீழ போச்சுன்னா உங்க ஹெட்ஜ் எங்கயோ நிக்கும். அதனால கடிகாரத்த பாத்து இல்ல, டெல்டா எவ்வளவு விலகிருச்சுன்னு பாத்து சரி பண்றது மேல், உதாரணமா 50 ஷேர் அளவுக்கு மேல விலகினா மட்டும்.

அதுக்காக நிமிஷத்துக்கு ஒரு தடவ பண்றவங்களும் இருக்காங்க. ஹெட்ஜ் பிசகுற அளவ பாதியா குறைக்க நாலு மடங்கு தடவ ரீபேலன்ஸ் பண்ணணும், வரி, புரோக்கரேஜ், வாங்குற விலைக்கும் விக்கிற விலைக்கும் உள்ள இடைவெளி எல்லாம் ஒவ்வொரு தடவையும் ஏறிட்டே போகும், ஒரு கட்டத்துல தீட்டாவ அதுவே தின்னுரும். அந்த 50-ங்கிற அளவு உங்க செலவ பொறுத்து கூடலாம் குறையலாம், எல்லாருக்கும் ஒரே நம்பர் கிடையாது.

கடைசியா கேப். ராத்திரி நியூஸ் வந்து காலைல 8% கீழ திறந்தா நடுவுல ரீபேலன்ஸ் பண்ண இடமே இல்ல. 1987 அக்டோபர் 19-ல டோ ஜோன்ஸ் ஒரே நாள்ல 22.6% விழுந்தப்ப, விலை இறங்க இறங்க ஃபியூச்சர்ஸ் வித்து பாதுகாப்பு தேடின போர்ட்ஃபோலியோ இன்ஷூரன்ஸ் காரங்க மாட்டிக்கிட்டது இதுலதான், சொன்ன விலைல வாங்க ஆள் வேணுமே. ஷேருக்கும் ஃபியூச்சருக்கும் காமா கிடையாது, அத எவ்வளவு வாங்கி வித்தாலும் உங்க காமா அப்படியே இருக்கும். அத குறைக்கணும்னா இன்னொரு ஆப்ஷன்தான் வாங்கணும், தூரத்து ஸ்ட்ரைக் ஒன்னு வாங்கினா கூட பெரிய கேப்புக்கு ஒரு எல்லை வந்துரும், அதுக்கு வர்ற தீட்டால கொஞ்சம் விட்டுக்கொடுக்கணும்.