கசிவுக் குழிக்கு எவ்வளவு பெரிய பம்ப்? மிதவையை எங்கே கட்டுவது?

நிலவறையில் ஊறும் நிலத்தடி நீரை வெளியேற்ற ஒரு குழி எடுத்து, அதில் பம்ப் இறக்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். குடிநீர் சேமிக்கும் சம்ப் வேறு, இது வேறு. இங்கே தண்ணீர் தானாக ஊறி வரும், நாம் வெளியே தள்ள வேண்டும், அவ்வளவுதான்.

முதல் தடவை நான் செய்த தப்பு எளிமையானது. "பெரிதாகவே வாங்கிவிடுவோம், எதற்கும் இருக்கட்டும்" என்று நிமிடத்துக்கு நூறு லிட்டருக்கு மேல் தள்ளும் பம்பை வாங்கினேன். மழை பிடித்த ராத்திரியில் அது நிமிடத்துக்கு ஒரு தடவை 'டக்' என்று ஓடி, ஏழு விநாடியில் நின்றது. விடிய விடிய இதே கதை. ஒரு நாள், நீர்மட்டத்தோடு ஏறி இறங்கி பம்பை ஓடவும் நிற்கவும் வைக்கும் மிதவை பக்கச் சுவரில் சிக்கி மேலேயே நின்றுவிட, தண்ணீர் தீர்ந்த பிறகும் பம்ப் ஓடிக்கொண்டே இருந்து கருகியது. பழியைப் பம்பின் மேல் போட்டேன். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் கோளாறு மிதவையில் என்று தெரிந்தது.

முதலில் ஊற்றை அளக்க வேண்டும்

பம்பின் குதிரைத்திறனிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். குழிக்குள் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வருகிறது என்பதுதான் முதல் கேள்வி. அதை அளக்க ஒரு குச்சி, ஒரு டேப், கைப்பேசியிலுள்ள கடிகாரம் போதும். நல்ல மழை பெய்து நிலம் ஊறிப்போயிருக்கும் நாளில் அளக்க வேண்டும். வெயில் நாளில் அளந்த எண் உங்களை ஏமாற்றிவிடும்.

என் குழி வட்டமானது, உள்விட்டம் 45 செ.மீ. வட்டத்தின் பரப்பு 0.785 × 45 × 45, அதாவது சுமார் 1,590 சதுர செ.மீ. ஆகவே நீர்மட்டம் 1 செ.மீ. ஏறினால் 1.59 லிட்டர் வந்திருக்கிறது என்று பொருள். கிடைத்த ஒரு பம்பை வைத்துக் குழியைப் பாதிக்குக் கீழே இறைத்துவிட்டு, அதை நிறுத்திக் குச்சியில் ஏற்றத்தைப் பார்த்தேன். 80 விநாடியில் 10 செ.மீ. ஏறியது. 15.9 லிட்டர் 80 விநாடியில் என்றால் நிமிடத்துக்கு 12 லிட்டர்.

இதில் இரண்டு விஷயம் இடறும். முதல் தடவை இறைத்ததும் வருகிற தண்ணீரில், குழியைச் சுற்றிய சரளைக்குள் தேங்கியிருந்ததும் சேர்ந்து வரும். அதனால் முதல் அளவு மிகையாக இருக்கும். பத்துப் பதினைந்து நிமிடம் நிறுத்தி நிறுத்தி இறைத்த பிறகு கிடைக்கும் அளவை எடுங்கள். இரண்டாவது, நீர்மட்டம் உயர உயர ஊற்றின் வேகம் குறையும். வெளியே நிலத்திலுள்ள மட்டத்துக்கும் உள்ளே உள்ள மட்டத்துக்கும் இருக்கும் வித்தியாசம்தானே தண்ணீரைத் தள்ளுகிறது? ஆகவே பம்ப் எந்த உயரத்துக்குள் வேலை செய்யப் போகிறதோ, அந்த உயரத்துக்குள்ளேயே அளக்க வேண்டும். குழி நிரம்பும் நேரத்தை வைத்துச் சராசரி போட்டால் குறைவாகவே வரும்.

பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை நம்பாதீர்கள்

பம்பின் பெட்டியில் "90 லிட்டர்/நிமிடம், 5 மீட்டர்" என்று இருக்கும். அந்த 90 லிட்டர் தண்ணீரை மேலே தூக்காதபோது வருவது. அந்த 5 மீட்டர் ஒரு சொட்டும் வெளியே வராத உயரம். இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது. கையேட்டில் ஒரு வளைகோடு இருக்கும், உங்கள் உயரத்தில் எவ்வளவு வரும் என்பதை அதில்தான் பார்க்க வேண்டும். அந்த வளைகோடு இல்லாத பம்பை நான் வாங்குவதில்லை.

உயரத்தை எங்கிருந்து அளப்பது? பம்ப் நிற்கும்போதுள்ள நீர்மட்டத்திலிருந்து வெளிக்குழாயின் உச்சிவரை. எனக்கு அது 2.8 மீட்டர். குழாயின் உராய்வு, எல்போக்கள், தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு எல்லாவற்றுக்கும் சேர்த்து இன்னொரு 0.3 மீட்டர், மொத்தம் 3.1. இது உள்விட்டம் 40 மி.மீ. குழாய்க்கான கணக்கு. 25 மி.மீ. போட்டிருந்தால், என் 12 மீட்டர் ஓட்டத்துக்கு நிமிடம் 40 லிட்டர் போகையில் குழாய் உராய்வு மட்டுமே ஏறத்தாழ 1 மீட்டர் ஆகியிருக்கும். பம்பின் வாய் அளவைவிடச் சிறிய குழாயை எப்போதும் போடாதீர்கள்.

ஊற்று 12 லிட்டர், அதற்கு இரண்டு மடங்கு 24. நான் அளந்த மழையைவிடப் பெரிய மழை வரும் என்பதால் இரண்டு மடங்கைக் குறைந்தபட்சமாக வைத்துக்கொண்டேன். அதற்கு மேலே கிடைத்த சிறிய பம்ப், வளைகோட்டின்படி 3.1 மீட்டரில் 40 லிட்டர் தந்தது. பொருத்திய பிறகு 20 லிட்டர் வாளியை வெளிக்குழாயில் பிடித்துப் பார்த்தேன், 30 விநாடியில் நிரம்பியது. கணக்கு சரி.

மிதவை ஏறி இறங்கும் தூரம்: நான் கோட்டைவிட்ட இடம்

பம்ப் ஓடத் தொடங்கும் மட்டத்துக்கும் நிற்கும் மட்டத்துக்கும் இடையிலுள்ள தண்ணீர்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. மோட்டார் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் சூடாகும். எனவே ஒரு மணிக்கு எத்தனை தடவை கிளம்பலாம் என்று கையேட்டில் சொல்லியிருப்பார்கள். என் பம்புக்கு 15 தடவை, அதாவது 4 நிமிடத்துக்கு ஒரு முறை.

ஊற்று பம்பின் வேகத்தில் சரியாகப் பாதியாக இருக்கும்போதுதான் பம்ப் மிக அடிக்கடி கிளம்பும். அந்த மோசமான நிலையை வைத்து எழுதினால்:

```
V = T × Q / 4
V = 4 × 40 / 4 = 40
```

V இரண்டு மட்டங்களுக்கு இடையிலான லிட்டர், T ஒரு சுற்றுக்கான நிமிடம், Q பம்ப் தரும் லிட்டர்/நிமிடம். 40 லிட்டர் என்றால் என் குழியில் 25 செ.மீ. வித்தியாசம்.

பழைய பம்பில் மிதவையை வெறும் 8 செ.மீ. வித்தியாசத்தில் கட்டியிருந்தேன். 12.7 லிட்டர் ஊற 64 விநாடி, வெளியேற 7 விநாடி. மணிக்கு ஐம்பது தடவை! இப்போது 40 லிட்டர் ஊற 3 நிமிடம் 20 விநாடி, இறைக்க 1 நிமிடம் 26 விநாடி. மணிக்குப் பன்னிரண்டு பதின்மூன்று தடவைதான்.

எந்த உயரத்தில்?

என் குழி தரையிலிருந்து 75 செ.மீ. ஆழம். அடியில் ஒரு தட்டையான கல்லை வைத்து அதன்மேல் பம்பை நிறுத்தினேன், சேறு உறிஞ்சாமல் இருக்க. கசிவைக் கொண்டு வரும் குழாய், அடியிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் நுழைகிறது. இனி உயரங்களை எல்லாம் குழியின் அடியிலிருந்தே சொல்கிறேன்.

நிற்கும் மட்டத்தை 18 செ.மீ.யில் வைத்தேன். பம்பின் உறிஞ்சும் வாய் நீருக்குள்ளேயே இருக்க வேண்டும், கையேடு சொல்லும் குறைந்தபட்ச ஆழத்துக்குக் கீழே இறக்கக்கூடாது. தொடங்கும் மட்டம் 43 செ.மீ. இது வரத்துக் குழாயின் வாய்க்கு 7 செ.மீ. கீழே, அதனால் அந்தக் குழாயில் தண்ணீர் தேங்காது. 55 செ.மீ.யில் தனியாக ஒரு எச்சரிக்கை மிதவை, சத்தம் போடுவதற்கு.

இப்போது கயிறு போலத் தொங்கும் ஒயர் மிதவையைப் பற்றி. மிதவையின் ஒயரை ஒரு புள்ளியில் கட்டுவீர்கள் அல்லவா, அந்தக் கட்டிலிருந்து மிதவை வரையிலான நீளம்தான் வித்தியாசத்தைத் தீர்மானிக்கிறது. மிதவை கட்டுப்புள்ளிக்கு மேலே 45 பாகை சாய்ந்தால் ஓடச் சொல்லும், கீழே 45 பாகை சாய்ந்தால் நிறுத்தும் என்று எடுத்துக்கொண்டால், வித்தியாசம் ஒயர் நீளத்தின் 1.4 மடங்கு. எனக்கு 25 செ.மீ. வேண்டும், ஆகவே ஒயர் 18 செ.மீ. கட்டுப்புள்ளி இரண்டு மட்டங்களுக்கு நடுவில், அதாவது 30 செ.மீ. உயரத்தில். ஒவ்வொரு மிதவையின் கோணமும் கொஞ்சம் மாறும் என்பதால் இது தொடக்கக் கணக்கு மட்டுமே.

சிக்கல் இங்கேதான். 18 செ.மீ. ஒயர், அதோடு மிதவையின் உடல் ஒரு 10 செ.மீ. இரண்டும் கிடையாக நீளும்போது 28 செ.மீ. வேண்டும். குழியின் நடுவில் நிற்கும் குழாயில் கட்டினால் சுவருக்கு 22 செ.மீ.தான் இருக்கிறது. மிதவை சுவரில் உரசி நிற்கும். என் முதல் பம்ப் செத்ததும் மிதவை சுவரில் சிக்கித்தான்.

இதற்குத் தீர்வு, பம்பை ஒரு பக்கம் தள்ளி வைப்பதுதான். குழாயைச் சுவரிலிருந்து 8 செ.மீ.க்கு நகர்த்தினால் எதிர்ப்பக்கம் 37 செ.மீ. திறந்த இடம் கிடைக்கும். மிதவையை அந்தப் பக்கம் பார்க்கக் கட்டுங்கள். வரத்துக் குழாயின் நீர் மிதவையின் மேல் நேராக விழக்கூடாது. 35 செ.மீ.க்குக் குறைவான குழி என்றால் ஒயர் மிதவையோடு மல்லுக்கட்ட வேண்டாம், கம்பியில் நேர்குத்தாக ஏறி இறங்கும் மிதவையை வாங்குங்கள். அதன் வித்தியாசம் பெரும்பாலும் குறைவு, அதனால் மணிக்கு எத்தனை தடவை கிளம்பும் என்று மறுபடி கணக்குப் போட்டுவிடுங்கள்.

பம்பைக் கையால் தொடுமுன் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும், இணைப்பு, மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. வழியாக இருக்க வேண்டும். இதில் பேரமே இல்லை.

ஓட்டிப் பார்ப்பது

கட்டி முடித்ததும் மழைக்காகக் காத்திருக்காமல் ஹோஸ் போட்டுக் குழியை நிரப்புங்கள். எந்த மட்டத்தில் ஓடியது, எதில் நின்றது என்று குச்சியில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். எனக்கு முதல் தடவை வித்தியாசம் 21 செ.மீ.தான் வந்தது, கிளிப்பை அவிழ்த்து ஒயரை 3 செ.மீ. நீட்டியதும் 25 ஆனது. ஐந்தாறு சுற்று பார்த்து, மிதவை ஒவ்வொரு முறையும் அதே கோட்டில் திரும்பினால்தான் மூடியைப் போட்டேன்.

பிறகு சேர்த்தது

இதைப் படித்த ஒருவர், பம்ப் ஓடுகிற சத்தம் கேட்கிறது, ஆனால் தண்ணீர் வரவில்லை என்று எழுதினார். குழி காலியாகி வாய்க்குள் காற்று புகுந்திருந்தது, மேலே இருந்த நான்-ரிட்டர்ன் வால்வு அந்தக் காற்றை வெளியே விடவில்லை. பம்புக்கும் வால்வுக்கும் இடையில் குழாயில் 3 மி.மீ. துளை ஒன்று, குழிக்குள்ளேயே தண்ணீர் பீச்சும்படி கீழ்நோக்கிச் சாய்த்துப் போட்டதும் சரியாகிவிட்டது. சில பம்புகளில் இது முன்பே இருக்கும், பார்த்துவிட்டுத் துளையுங்கள்.

இன்னொருவர் குழியில் பம்ப் கோடையிலும் ஓயாமல் ஓடியது. தொடங்கும் மட்டத்தைத் தரைக்கு ஒரு மீட்டர் கீழே வைத்திருந்தார். பம்பை நிறுத்திப் பார்க்கச் சொன்னேன். நீர் தரைக்கு 40 செ.மீ. கீழே தானாக நின்றுகொண்டது. தரையை நனைக்காத நிலத்தடி நீரை அத்தனை நாளாக அவர் வீணாக இறைத்துக்கொண்டிருந்தார். இரண்டு மட்டங்களையும் மேலே ஏற்றிக் கட்டிய பிறகு, பெரிய மழை பெய்தால் மட்டும்தான் அது ஓடுகிறது.