டாக்கிமீட்டர் ஏன் தப்பா காட்டுச்சு, எப்படி சரி பண்ணேன்

புதுசா வாங்குன க்ரோனோகிராஃப்ல, அதாவது ஸ்டாப்வாட்ச் வச்ச கைக்கடிகாரத்துல, டாக்கிமீட்டர்ங்கற வேக ஸ்கேலை வச்சு ஸ்பீடு பார்க்கலாம்னு, நண்பர் கார் ஓட்ட நான் பக்கத்துல உக்காந்து, கிலோமீட்டர் கல்லு வந்ததும் மேல் பட்டனை அமுக்கி அடுத்த கல்லுல நிறுத்துனேன், முள்ளு 120ல நிக்குது, ஆனா வண்டி 40ல தான் போகுது!

வாட்ச் ரிப்பேர்னே நினைச்சுட்டேன். அப்புறம் ஸ்டாப்வாட்சோட நிமிஷ முள்ளைப் பார்த்தா ஒரு நிமிஷம் தாண்டிருக்கு, அதாவது 90 செகண்ட் ஆயிருக்கு, முள்ளு ஒரு சுத்து முடிச்சு ரெண்டாவது சுத்துல 30வது செகண்ட்ல நிக்குது. டயலைச் சுத்தி இருக்கிற வளையமான பெசல்ல இருக்கிற நம்பர் எல்லாம் 3600ஐ செகண்டால வகுத்தது தான், 60 செகண்டுக்கு 60ஓட ஸ்கேல் முடிஞ்சிடும், அதுக்கு மேல பொருந்தாது.

அதனால தூரத்தைப் பாதியாக்குனேன். ஓடோமீட்டர்ல கடைசி எண் மாறுற நேரம் ஸ்டார்ட், சரியா அரை கிலோமீட்டர்ல ஸ்டாப். 45 செகண்ட், பெசல்ல 80. அதுல பாதி 40, ஸ்பீடோமீட்டரும் அதே தான்.

ஒண்ணு மட்டும் கவனிங்க, இது அந்தத் தூரத்தோட சராசரி வேகம், நடுவுல பிரேக் போட்டா அதுவும் சேர்ந்துடும். அதேமாதிரி நடு பெரிய முள்ளைத் தான் பார்க்கணும், எப்பவும் ஓடிட்டே இருக்கிற குட்டி செகண்ட் முள்ளை இல்ல.