போனவர் வேலையும் என் தலையில், சம்பளம் மட்டும் பழையது

கடலூர் சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறேன். டிஸ்பாட்ச் பார்த்த அண்ணன் வேலையை விட்டுப் போனதும் அவர் வேலையும் என்னிடம் வந்தது, பதவிப் பெயரும் சம்பளமும் அப்படியே. மேனேஜரிடம் கேட்டால் ஏப்ரலில் பார்ப்போம் என்பார். எச்.ஆரில் உங்கள் கிரேடுக்கு இவ்வளவுதான் என்றார்கள். என்னென்ன வேலை பார்க்கிறேன் என்று எழுதி மெயில் போட்டேன், பதிலே இல்லை.

அப்புறம்தான் ஒன்று கண்ணில் பட்டது. லாரியில் சரக்கு அனுப்ப எடுக்கும் இ-வே பில் போர்ட்டலில், போனவரின் சப்-யூசர் ஐடியிலேயே என்னைப் பில் போடச் சொல்லியிருந்தார்கள், ஆக ரெக்கார்டுபடி இன்னும் அவர்தான் லாரி அனுப்பிக்கொண்டிருந்தார்! அதை மூடிவிட்டு என் பெயரில் புது ஐடி கேட்டேன். ஆடிட்டில் கேள்வி வரும் என்றதும் உடனே கொடுத்தார்கள்.

ஒரு மாத பில்கள் என் பெயரில் சேர்ந்ததும் அந்தப் பட்டியலோடு போய், இன்கிரிமென்ட் என்ற பேச்சையே எடுக்காமல், காலியாக இருக்கிற அந்த இடத்துக்கு ஒதுக்கிய சம்பளத்திலிருந்து கூடுதல் பொறுப்புப் படி கேட்டேன். கிரேடைத் தொட வேண்டியதில்லை என்பதால் எச்.ஆர். மறுக்கவில்லை. புது ஆள் வந்தால் இந்தப் படி நின்றுவிடும், அதனால் ஏப்ரலில் அதை அடிப்படைச் சம்பளத்தில் சேர்ப்பதாகக் கடிதத்திலேயே ஒரு வரி எழுதி வாங்கிக்கொண்டேன். பதவிப் பெயர் இன்னும் பழையதுதான், சரி, அது அப்புறம்.